லட்சுமி யோகம் இருக்கு என்றால், எந்த லட்சுமி யோகம்?

ஜாதகத்தைத் திறந்த இரண்டாவது நிமிடத்திலேயே "உங்களுக்கு லட்சுமி யோகம் இருக்கு" என்று சொல்லிவிடுகிறார்கள். செயலிகள் இன்னும் மோசம், பெரிய எழுத்தில் மஞ்சள் கட்டம் போட்டே காட்டுகின்றன. ஜோதிடம் பொய்யா மெய்யா என்ற பஞ்சாயத்துக்கு அப்புறம் வருகிறேன். முதலில் ஜோதிடத்தின் சொந்த விதிப்படியே இந்த யோகம் எத்தனை பேருக்கு நிற்கிறது என்று பார்ப்போம்.

கறாரான விதி இதுதான்: ஒன்பதாம் அதிபதி, அதாவது பாக்கியாதிபதி, ஆட்சியோ உச்சமோ மூலத்திரிகோணமோ என்ற பலமான நிலையைப் பெற்று அந்த இடம் லக்னத்துக்குக் கேந்திரமாக (1, 4, 7, 10) இருக்க வேண்டும், கூடவே லக்னாதிபதியும் பலமாக இருக்க வேண்டும். இந்த விதியை வைத்துக்கொண்டு பன்னிரண்டு லக்னத்தையும் ஒருமுறை விரல்விட்டுப் பாருங்கள். மிதுனம், துலாம், தனுசு, மகரம், மீனம், இந்த ஐந்து லக்னக்காரர்களுக்கு இது எந்தக் காலத்திலும் அமையவே முடியாது. துலாமுக்குப் பாக்கியாதிபதி புதன். ஆட்சி மிதுனம் ஒன்பதாம் இடம், ஆட்சியும் உச்சமும் சேர்ந்த கன்னி பன்னிரண்டாம் இடம். இரண்டுமே கேந்திரம் இல்லை. கதை அங்கேயே முடிந்தது.

ஆனால் இதே ஐந்து லக்னத்துக்கும் லட்சுமி யோகம் எழுதிக்கொடுத்த ஜாதகங்களைத் தாராளமாகப் பார்க்கலாம். காரணம், "கேந்திரம் அல்லது திரிகோணம்", அதாவது 1, 5, 9-ஆம் இடங்களும் சேர்த்தி, என்று வைத்துக்கொள்ளும் இன்னொரு விதி இருக்கிறது. அப்படி வைத்தால் ஒன்பதாம் அதிபதி ஒன்பதிலேயே ஆட்சியாக இருந்தாலும் யோகம்தான், யாருக்கும் கதவு மூடவில்லை. எந்த விதியை எடுத்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஜாதகத்தைப் பார்த்த பிறகு எந்த விதி பொருந்துகிறதோ அதை எடுப்பதுதான் பிரச்சினை.

சரி, கறாரான விதிக்கு இடம் கொடுக்கும் ஒரு லக்னத்தை எடுத்துக்கொள்வோம். கன்னி. பாக்கியாதிபதி சுக்கிரன், ஏழாம் இடமான மீனத்தில் உச்சம். கேட்பதற்கே அழகாக இருக்கும், அவரே தனாதிபதியும்கூட. 2025 ஜனவரி 28 முதல் மே 31 வரை, திருக்கணிதப்படி, சுக்கிரன் மீனத்திலேயேதான் இருந்தார். நடுவில் வக்ரம் ஆனதால்தான் இவ்வளவு நீண்ட வாசம். இந்த நாலு மாதமும் தினமும் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் கன்னி லக்னம் ஓடியது. அப்படியென்றால் அந்தக் காலத்தில் பிறந்த குழந்தைகளில் தோராயமாகப் பன்னிரண்டில் ஒன்றுக்குப் பாதி யோகம் ரெடி.

மீதிப் பாதிதான் லக்னாதிபதி புதன். இங்கேதான் வானம் கொஞ்சம் கஞ்சத்தனம் காட்டுகிறது. புதன் சூரியனை விட்டு 28 பாகைக்கு மேல் விலகாது, சுக்கிரன் 47 பாகைக்கு மேல் விலகாது. இரண்டும் எதிரெதிர்ப் பக்கம் முழுசாக விலகி நின்றாலும் 75 பாகைதான். மீனத்தில் சுக்கிரன் உச்சமாக இருக்கும்போது நேர் எதிரே கன்னியில் புதன் உச்சம் பெறுவது நடக்கவே நடக்காது. மிதுனத்தில் ஆட்சி என்பதும் அபூர்வத்திலும் அபூர்வம். பெரும்பாலும் புதன் சிக்கிக்கொள்வது கும்பம், மீனம், மேஷம் இவற்றில். கன்னிக்கு அவை ஆறு, ஏழு, எட்டு. அந்த ஏழாம் இடத்தில் புதன் நீசம் வேறு, அதாவது உச்சத்துக்கு நேர் எதிரான பலவீனம்.

2025-ல் நடந்ததும் அதுதான். பிப்ரவரி 27 முதல் மே 7 வரை புதன் மீனத்தில் நீசம். அதற்கு முன்னால் கொஞ்ச நாள் ஆறில், பின்னால் கொஞ்ச நாள் எட்டில். ஆரம்பத்தில் ஐந்தாம் இடமான மகரத்திலும் கடைசி வாரத்தில் ஒன்பதாம் இடமான ரிஷபத்திலும் இருந்தார், ஆனால் அந்த இரண்டு சமயமும் சூரியனை ஒட்டி நின்று பலமிழந்த அஸ்தங்கம். ஆக நாலு மாதத்தில் "லக்னாதிபதி பலம்" என்று மனசாட்சியோடு எழுத ஒரு வாரம்கூடத் தேறாது.

சுக்கிரனாவது சுத்தமா? மார்ச் 22, 23 வாக்கில் அவரும் சூரியனோடு ஒரே பாகைக்கு வந்து அஸ்தங்கமானார், மீனம் 8 பாகை அளவில். அது உத்திரட்டாதி 2-ஆம் பாதம், ஒவ்வொரு ராசியையும் ஒன்பதாகப் பிரித்துப் போடும் நவாம்சத்தில் கன்னி. ராசியில் உச்சம், அம்சத்தில் நீசம். ராசிக்கட்டத்தை மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியாது. இதற்கு மேல், மே நடுப்பகுதி வரை ராகுவும் அதே மீனத்தில் கூட இருந்தார்.

இந்த ஜாதகத்தைச் செயலியில் போட்டால் என்ன வரும் தெரியுமா? சுக்கிரன் கேந்திரத்தில் உச்சம், அதனால் மாளவ்ய யோகம். அவரே பாக்கியாதிபதி, அதனால் லட்சுமி யோகம். நீச புதனோடு உச்ச கிரகம் சேர்ந்திருக்கிறது, அதனால் நீசபங்க ராஜயோகம். மூன்று யோகம்! இருப்பதோ ஒரே ஒரு சுக்கிரன். ஒரு சம்பளத்தை மூன்று வங்கியில் காட்டிக் கடன் கேட்பது மாதிரி. லக்னாதிபதி பலமில்லை என்ற ஓட்டையை அடைக்க நீசபங்கம் வருகிறது, அதைக் கொடுப்பதும் அதே சுக்கிரன்தான்.

அப்புறம் தசை. யோகம் தரும் கிரகத்தின் தசையில்தான் பலன் முழுசாக வரும் என்பது அவர்களே சொல்வது. விம்சோத்தரியில் கார்த்திகை, உத்திரம், உத்திராடத்தில் பிறந்தவருக்குச் சுக்கிர தசை வர எப்படியும் 94 வயது தாண்ட வேண்டும். சும்மா தசைக்குள் வரும் உட்பிரிவான புத்தியில் வரும் என்று சமாளிப்பார்கள். புத்தி எல்லா தசையிலும் எல்லோருக்கும் வருவதுதானே.

இப்போது வெளியே இருந்து பார்க்கலாம். "அந்தத் தொழிலதிபர் ஜாதகத்தில் லட்சுமி யோகம் இருக்கு பாருங்க" என்பது ஆதாரம் ஆகாது. அதே அமைப்பு இருந்தும் மாசக் கடைசியில் கைமாத்து வாங்குகிறவர்கள் எத்தனை பேர், அமைப்பே இல்லாமல் பணக்காரரானவர்கள் எத்தனை பேர், இந்த இரண்டு எண்ணிக்கையும் வேண்டும். பிரபலங்களின் பிறந்த நேரமோ பல சமயம் பின்னாலிருந்து திருத்தியது. இரண்டு மணி நேரம் நகர்த்தினால் லக்னமே மாறிவிடும், பாக்கியாதிபதியும் மாறிவிடுவார்.

எண்ணிப் பார்க்க முடியாத விஷயம் இல்லை இது. வானியலாளர் ஜெயந்த் நார்லிகர் குழுவினர் புனேயில் 200 ஜாதகம் சேகரித்தார்கள்; பாதி நன்றாகப் படிக்கும் மாணவர்கள், பாதி மனவளர்ச்சி குன்றியவர்கள். 27 ஜோதிடர்கள் ஆளுக்கு 40 ஜாதகத்தைப் பார்த்துப் பிரித்துச் சொன்னார்கள். சராசரியாகச் சரியானது 46 சதவீதம். காசு சுண்டிப்போட்டிருந்தாலே 50 வரும். அது படிப்பு பற்றிய சோதனை, செல்வம் பற்றியது இல்லை, ஒத்துக்கொள்கிறேன். செல்வத்துக்கும் இதே முறையில் செய்யலாமே.

மேலே சொன்ன 2025 கன்னி லக்னக் குழந்தைகள் இப்போது தவழ்ந்து நடந்துகொண்டிருக்கிறார்கள், யாருக்கும் வருமானம் இல்லை. பிறந்த நேரம் மருத்துவமனைப் பதிவில் இருக்கிறது. எந்தத் தேதியில் பிறந்ததற்கு யோகம் நிற்கும், எதற்கு நிற்காது, எந்த வயதில் என்ன அளவு சொத்து என்று இன்றைக்கே எழுதி, கையெழுத்துப் போட்டு மூடி வைக்க முடிந்த ஜோதிடர் யாராவது இருந்தால் பின்னூட்டத்தில் வாருங்கள். எந்த விதிப்படி என்பதையும் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.