நான்கு சான்றிதழ், ஒரே ஒரு சதவீதக் கட்டம்

போன மாதம் எங்கள் அலுவலகத்தில் ஒரு சின்ன வாக்குவாதம். சென்னையிலும் கொழும்பிலும் கிளை வைத்திருக்கும் கம்பெனி. தரவுப் பகுப்பாய்வுக்குப் புதிதாக ஆள் எடுக்கிறோம். விண்ணப்பப் படிவத்தில் 'பட்டப்படிப்பு சதவீதம்' என்று ஒரே ஒரு கட்டம்தான் இருக்கிறது. 65-க்குக் கீழே இருந்தால் அந்த விண்ணப்பம் யார் கண்ணிலும் படாமல் கழிந்துவிடும். படிவத்தை உருவாக்கியவர் சிஜிபிஏ போட்டவர்களுக்காக ஒரு வசதியும் செய்து வைத்திருந்தார்: பெற்ற எண்ணை அந்த அளவுகோலின் உச்சத்தால் வகுத்து 100-ஆல் பெருக்கிவிடும். பள்ளிக்கூடக் கணக்கு, தப்பே இல்லை என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

நான்கு பேரின் விண்ணப்பத்தை எடுத்து வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. பெயர் வேண்டாம், விவரம் மட்டும் சொல்கிறேன்.

முதலாமவர் இங்கே பொறியியல் படித்தவர், பத்துக்கு 7.1 சிஜிபிஏ. இரண்டாமவர் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. புள்ளியியல், பழைய மதிப்பெண் முறையில் 66 சதவீதம். மூன்றாமவர் மதுரைக்காரர். இங்கிலாந்தில் இளங்கலை படித்துத் திரும்பியவர், சராசரி 63. நான்காமவர் இலங்கையில் படித்தவர், நான்குக்கு 3.4 ஜிபிஏ.

படிவத்தின் கணக்குப்படி முதலாமவர் 71, இரண்டாமவர் 66, நான்காமவர் 85. மூவரும் உள்ளே. மூன்றாமவர் 63, வெளியே.

இப்போது சான்றிதழ்களில் வார்த்தையாக அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். இங்கிலாந்தில் 70-க்கு மேல் வாங்கினால் முதல் வகுப்பு, 60 முதல் 69 வரை இரண்டாம் வகுப்பு மேல்பிரிவு, 50 முதல் 59 வரை கீழ்ப்பிரிவு, 40-இல் தேர்ச்சி. இலங்கையின் பல பல்கலைக்கழகங்களில் 3.7-க்கு மேல் முதல் வகுப்பு, 3.3-க்கு மேல் இரண்டாம் வகுப்பு மேல்பிரிவு. அப்படியென்றால் மூன்றாமவரும் நான்காமவரும் வாங்கியிருப்பது பெயரளவில் ஒரே வகுப்பு! அதே தகுதிக்கு ஒருவரை 85 என்று தலைமேல் வைத்து, இன்னொருவரை 63 என்று குப்பையில் போட்டிருக்கிறது எங்கள் படிவம்.

"63 வாங்கினவரை எப்படி 66-க்குச் சமம்னு சொல்றது?" என்று கேட்டார் உடன் வேலை பார்க்கும் தம்பி. நியாயமான கேள்விதான். நம் ஊரில் 100-க்கு 95 வாங்குவது நடக்கிற காரியம். இங்கிலாந்தில் பட்டப்படிப்புக் கட்டுரைக்கு 80 வந்தாலே ஆசிரியர் அசந்துபோயிருக்கிறார் என்று பொருள். அங்கே தாளில் மேல் கால்வாசி கிட்டத்தட்ட காலியாகக் கிடக்கும் இடம். 100 என்று எழுதியிருப்பதாலேயே அது நம் 100 ஆகிவிடாது.

இலங்கைக் கணக்கில் கோளாறு வேறு மாதிரி. நான்கு அளவுகோலில் ஏ-வுக்கு 4, ஏ மைனஸுக்கு 3.7, பி பிளஸுக்கு 3.3, பி-க்கு 3. 3.4 என்றால் பி பிளஸுக்குக் கொஞ்சம் மேலே நிற்கிற மாணவர். தேர்ச்சி எல்லையே 2.0. அதை நான்கால் வகுத்தால் தட்டுத்தடுமாறித் தேறியவருக்கு 50 சதவீதம் கிடைக்கிறது, சுமாரான பி-க்கு 75 கிடைக்கிறது. கிரேடு புள்ளி என்பது வெறும் படிக்கட்டின் எண். மூன்றாம் படி நான்காம் படியின் முக்கால் பங்கு அறிவு என்று யாரும் சொல்லவில்லை.

சரி, வெளிநாட்டை விடுங்கள். நம் பத்துப் புள்ளி முறைக்கே வருவோம், அதில்தான் அதிகம் பேர் மாட்டுகிறார்கள். பொறியியல் கல்லூரிகளில் பரவலாக இருக்கும் அட்டவணையை எடுத்துக்கொள்ளுங்கள்: 91 முதல் 100 வரை 10 புள்ளி, 81 முதல் 90 வரை 9, 71 முதல் 80 வரை 8. எல்லாப் பாடத்திலும் சரியாக 71 வாங்கியவருக்கு சிஜிபிஏ 8.0. எல்லாவற்றிலும் 80 வாங்கியவருக்கும் 8.0-தான். பத்தால் பெருக்கினால் இருவருக்கும் 80 சதவீதம். அதாவது படியின் உச்சியில் இருப்பவருக்கான எண்ணைப் படியின் அடியில் இருப்பவருக்கும் கொடுக்கிறோம். 70 வாங்கியவருக்கோ 7 புள்ளி. ஒரே ஒரு மதிப்பெண்ணுக்குப் பத்து சதவீத வித்தியாசம்.

இதைச் சரிக்கட்டத்தான் கழித்தல் வைத்த சூத்திரங்கள் வந்தன. பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி கொடுக்கும் ஏஐசிடிஇ வெளியிட்ட அட்டவணையில் 6.75-க்கு 60 சதவீதம், 7.25-க்கு 65, 7.75-க்கு 70. சிஜிபிஏ-வில் 0.75 கழித்துப் பத்தால் பெருக்கினால் இந்த எண்கள் வரும். அப்புறம் 9.5-ஆல் பெருக்கும் இன்னொரு கணக்கு ஊரெல்லாம் சுற்றுகிறது. அதன் பிறப்பு பலருக்குத் தெரியாது. சிபிஎஸ்இ பத்தாம் வகுப்பில் கிரேடு முறை இருந்த காலத்தில், முந்தைய ஐந்து ஆண்டுகளில் 91-க்கும் 100-க்கும் இடையே வாங்கிய மாணவர்களின் சராசரி 95-ஐ ஒட்டி இருந்ததால், அதைப் பத்தால் வகுத்து 9.5 என்று வைத்தார்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்காகப் போட்ட கணக்கு அது. அதையே பின்னாளில் பட்டப்படிப்புக்கும் எடுத்துக்கொண்ட பல்கலைக்கழகங்கள் உண்டு. தங்கள் பல்கலைக்கழகம் அப்படிச் சொல்லாதபோதும் பி.இ. மார்க்‌ஷீட்டுக்கு அதைப் போடுகிறவர்களும் உண்டு.

எங்கள் முதலாமவரின் 7.1-ஐ இந்த மூன்றிலும் போட்டுப் பார்த்தேன். பத்தால் பெருக்கினால் 71. 9.5-ஆல் பெருக்கினால் 67.45. 0.75 கழித்தால் 63.5. கட்-ஆஃப் 65. ஒரே மனிதர், ஒரே மார்க்‌ஷீட். முதல் இரண்டில் தேறுகிறார், மூன்றாவதில் கழிகிறார். சதவீதத்தை அவரே போட்டு எழுதினால், எந்த இணையதளத்தில் சூத்திரம் தேடினார் என்பதைப் பொறுத்து அவருக்கு வேலை. நேர்மையாகத் தன் பல்கலைக்கழக விதியைப் பார்த்துக் கழித்து எழுதியவர் வெளியே போக, பத்தால் பெருக்கியவர் உள்ளே வருவார். எனக்கு இதுதான் அதிகம் உறுத்தியது.

வங்கித் தேர்வு எழுதியவர்களுக்கு இந்த வலி தெரியும். ஐபிபிஎஸ் அறிவிப்பில் 59.99 சதவீதம் என்பது 60-க்குக் குறைவாகவே கொள்ளப்படும் என்று எழுதியே இருப்பார்கள். ஆனால் அங்கே ஒரு ஒழுங்கு இருக்கிறது: பல்கலைக்கழகத்தின் மாற்று விதிப்படி கணக்கிட வேண்டும், கேட்டால் அந்த விதிக்குச் சான்று காட்ட வேண்டும். தனியார் கம்பெனிகள் பலவும் அந்தக் கண்டிப்பை மட்டும் எடுத்துக்கொண்டு சான்றை விட்டுவிட்டன. இத்தனைக்கும் பல மார்க்‌ஷீட்டுகளில் பின்பக்கத்திலேயே மாற்று விதி அச்சடித்திருக்கும். திருப்பிப் பார்க்கத்தான் ஆளில்லை.

எல்லா நாட்டுக்கும் ஒரே சூத்திரம் கிடையாதா என்று கேட்பீர்கள். ஜெர்மனிக்குப் படிக்கப் போன பிள்ளைகளைக் கேளுங்கள், 'பவேரியன் ஃபார்முலா' என்பார்கள். அந்த ஊரில் 1.0 உச்சம், 4.0 வெறும் தேர்ச்சி. கணக்கு இதுதான்:

```
1 + 3 × (உச்சம் − பெற்றது) ÷ (உச்சம் − தேர்ச்சி எல்லை)
```

இதன் அழகு என்னவென்றால், தேர்ச்சி எல்லையைக் கணக்கில் சேர்க்கிறது. நம் படிவம் செய்யாதது அதுதான். நால்வரையும் இதில் போடலாம். பொறியியல்காரர், தேர்ச்சிக்கு 5 புள்ளி என்று வைத்தால்: 2.74. புள்ளியியல்காரர், தேர்ச்சி 40: 2.7. இங்கிலாந்துக்காரர், தேர்ச்சி 40: 2.85. படிவத்தில் 71, 66, 63 என்று சிதறிக் கிடந்த மூவரும் தோளோடு தோள் நிற்கிறார்கள். எனக்கு முதலில் பெரிய சந்தோஷம்.

ஆனால் இலங்கைக்காரருக்கு 1.9 வருகிறது. இங்கிலாந்தில் அதே வகுப்பு வாங்கியவருக்கு 2.85. சூத்திரம் 'உச்சம்' என்று காகிதத்தில் உள்ளதை நம்புவதுதான் காரணம். ஜிபிஏ-வில் 4.0 எட்டக்கூடிய உச்சம். நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் பல பாடங்களில் அதைத் தொட்டுவிடுவார்கள். இங்கிலாந்தின் 100 கிட்டத்தட்ட யாரும் தொடாத உச்சம். அதற்குப் பதில் 85 என்று வைத்துப் பார்த்தேன், 63-க்கு 2.47 வந்தது. அந்த 85 என் கையிலிருந்து வந்த எண், ஒத்துக்கொள்கிறேன். அதைத்தான் சொல்ல வருகிறேன்: எந்தச் சூத்திரத்திலும் யாரோ ஒருவர் கையால் வைத்த எண் ஒன்று ஒளிந்திருக்கும்.

ஐரோப்பாவிலேயே இதை உணர்ந்துதான் வழியை மாற்றினார்கள். முதலில் தேறியவர்களில் மேல் 10 சதவீதம் பேருக்கு ஏ, அடுத்த 25 சதவீதத்துக்கு பி என்று பொதுக் கிரேடு வைத்திருந்தார்கள். 2009-இல் அதைக் கைவிட்டு, ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் மதிப்பெண் எப்படிப் பரவியிருக்கிறது என்ற அட்டவணையைக் கொடுக்கட்டும் என்றார்கள். எண்ணை மாற்றாதே, அந்த எண்ணை எத்தனை பேர் வாங்குகிறார்கள் என்று சொல் என்பதுதான் அதன் சாரம். எனக்கு இதுவே சரியென்று படுகிறது. குறிப்பாக, வகுப்பின் சராசரியை வைத்து கிரேடு போடும் கல்லூரிகளுக்கு வேறு வழியே இல்லை. அங்கே 8 புள்ளி என்பது எந்த மதிப்பெண்ணையும் குறிக்காது, வகுப்பில் எங்கே நின்றார் என்பதைத்தான் குறிக்கும். அதைச் சதவீதமாக மாற்றுவது வீட்டுக் கதவு எண்ணை வைத்து வாடகை கணக்குப் போடுவது மாதிரி.

எங்கள் மேலாளரிடம் இதையெல்லாம் சொன்னபோது, "எல்லாம் சரிம்மா, ஆயிரம் விண்ணப்பம் வந்தா என்ன பண்றது? ஒரு நம்பர் வேணுமே" என்றார். அவர் கவலையும் பொய்யில்லை. அதனால் எண்ணைத் தூக்கி எறியவில்லை, கட்டத்தைத்தான் உடைத்தோம். மார்க்‌ஷீட்டில் உள்ள எண் அப்படியே, மாற்றாமல். அதன் உச்சம். தேர்ச்சி எல்லை. பல்கலைக்கழகம் கொடுத்த வகுப்பு. தெரிந்தால், வகுப்பில் எத்தனையாவது இடம். மாற்றுவது எங்கள் வேலை, விண்ணப்பிப்பவர் வேலை இல்லை. முதல் சல்லடையில் வகுப்பை மட்டும் பார்க்கிறோம்: அந்தந்த முறையில் இரண்டாம் வகுப்பு மேல்பிரிவோ அதற்கு இணையானதோ இருந்தால் தேர்வுக்கு அழைப்பு. அதற்குப் பிறகு பட்டத்தின் எண்ணை வைத்து வரிசைப்படுத்துவதில்லை. 7.1-க்கும் 7.3-க்கும் நடுவில் ஆளைப் பிரிக்கும் சக்தி அந்த எண்ணுக்கு இல்லை.

இதிலும் ஓட்டை உண்டு. மேல்பிரிவு, கீழ்ப்பிரிவு என்று பிரிக்காத நம் ஊர் இரண்டாம் வகுப்பை எங்கே வைப்பது என்று இன்னும் சண்டை போடுகிறோம். முதல் வகுப்பின் எல்லையே ஊருக்கு ஊர், ஆண்டுக்கு ஆண்டு நகர்கிறது. என் மேசையில் வந்த சான்றிதழ்களிலேயே ஒன்றில் முதல் வகுப்புக்கு 6.5 போதும், இன்னொன்றில் 7 வேண்டும். போன வாரம் 6.8 வாங்கிய இருவர் வந்தார்கள். ஒருவர் கையில் முதல் வகுப்பு, இன்னொருவர் கையில் இரண்டாம் வகுப்பு. இருவரையும் தேர்வுக்கு அழைத்திருக்கிறோம், புதன்கிழமை வருகிறார்கள்.