காப்புறுதிக் கம்பனியிடம் கருணை கேட்காதீர்கள்

எங்கள் ஆட்கள் புயலுக்குப் பிறகு காப்புறுதிக் கம்பனிக்கு எழுதுகிற கடிதம் கிராம அலுவலரிடம் நிவாரணம் கேட்கிற மனு மாதிரியே இருக்கும். "படகும் வலையும் முற்றாக அழிந்துவிட்டன, குடும்பம் நடுத்தெருவில் நிற்கிறது, கருணை கூர்ந்து..." என்று போகும். பிரீமியம் கட்டினவர் ஏன் கருணை கேட்க வேண்டும்?

2020 டிசம்பர் 2 இரவு புரேவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறியபோது கொக்கிளாயில் கட்டியிருந்த மாமாவின் எஞ்சின் படகும் போனது. அவருடைய கடிதத்தின் முதல் பிரதியும் இதே புலம்பல்தான். கம்பனிக்கு அதில் பிடிக்க ஒன்றுமே இல்லை, ஏனென்றால் புயல் அடித்தது எல்லோருக்கும் தெரியும், படகு எப்படிப் போனது என்பதுதான் கேள்வி. இத்துப்போன கயிறு அறுந்து போன படகுக்குக் காசு வராது. அதனால் திருப்பி எழுதினோம்: எச்சரிக்கை வந்ததும் இரண்டாவது நங்கூரம் போட்டது, கயிறு புதிதாக மாற்றியது (பற்றுச்சீட்டு இருந்தது), நள்ளிரவுக்குப் பிறகு அது அறுந்து படகு கரையில் மோதி அடிப்பலகை பிளந்தது. பொலிஸ் முறைப்பாடும் கடற்றொழில் பரிசோதகரின் கடிதமும் அதே நேரத்தையும் இடத்தையும்தான் சொல்ல வேண்டும், ஒன்றுக்கொன்று முரண்பட்டால் அங்கேயே பிடிப்பார்கள்.

அடுத்தது பலருக்குத் தெரியாதது. படகு 18 இலட்சத்துக்குக் காப்புறுதி, திருத்த 21 இலட்சம் என்று தச்சர் எழுதித் தந்தார். படகு மணலில் கிடந்தாலும் இதை முழு இழப்பாகக் கேட்கலாம். ஆனால் "சிதைவை உங்களிடம் கைவிடுகிறேன்" என்று தாமதிக்காமல் எழுத்தில் அறிவிக்க வேண்டும், அறிவிக்காவிட்டால் பகுதி இழப்பாகத்தான் பார்ப்பார்கள். மதிப்பீட்டாளர் வரும்வரை ஒரு பலகையைக்கூட விற்கக் கூடாது. எஞ்சினைக் காப்பாற்ற டிராக்டர் பிடித்த கூலியை மாமா வெட்கப்பட்டு விடப் பார்த்தார். மேலும் சேதமாகாமல் காப்பது உடைமையாளரின் கடமை, அந்த நியாயமான செலவைத் தனியாகக் கேட்கலாம் என்று பல காப்புறுதிப் பத்திரங்களில் வாசகம் இருக்கிறது. பாருங்கள், எங்களுடையதிலும் இருந்தது.

வலைதான் தலையிடி. பத்திரத்தில் வலை தனியாக எழுதப்படாவிட்டால் படகுக் காப்புறுதிக்குள் அது வராமலே போகலாம். மாமாவுக்கு எழுதியிருந்தது, ஆனால் படகில் ஏற்றியிருந்த வலைக்கு மட்டும். வாடிக்குள் கிடந்து மண்ணோடு போன வலையையும் ஒரே கணக்கில் சேர்க்கச் சொன்னார்கள் சில நண்பர்கள். அப்படிச் சேர்த்தால் ஒரு பொய் பிடிபட்டு முழுக் கோரிக்கையுமே விழுந்துவிடும். படகில் இருந்தவற்றின் கண் அளவு, துண்டு எண்ணிக்கை, வாங்கிய ஆண்டு, விலை எல்லாவற்றையும் அட்டவணையாக இணைத்தோம். வாடி வலைக்கு நிவாரண மனுவைத் தனியாகக் கிராம அலுவலரிடம் கொடுத்தார். கருணை கூர்ந்து என்ற வரி அதில் இருக்கட்டும், தப்பில்லை.