"தமாஷுக்குத்தான் போட்டேன்" என்றால் கேஸ் நிற்காதா?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்து வாட்ஸாப் குரூப்புகளில் சண்டை முற்றினதும் எல்லாரும் சொல்கிற வார்த்தை இது. சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது என்று ஒரு கற்பனை உதாரணத்தோடு சொல்கிறேன்.

பால் சொசைட்டி செயலாளரை ஒருவர் குரூப்பில் "மண்டையில ஒண்ணுமில்லாத ஆளு" என்று திட்டுகிறார். அசிங்கம்தான். ஆனால் அவர் இன்ன தப்பு செய்தார் என்று அதில் எதுவும் இல்லை. பெரும்பாலும் அவதூறு வழக்கு இதில் நிற்காது. அடுத்த நாள் அதே ஆள், "நம்ம செயலாளர் சுத்தத் தங்கம்! பால்ல தண்ணியே கலக்க மாட்டார்" என்று எழுதி நாலு சிரிப்பு எமோஜி வைக்கிறார். மேலுக்குப் பாராட்டு, ஆபத்து இதில்தான்.

பாரதிய நியாய சன்ஹிதா 356ஆம் பிரிவு கிண்டலாகச் சொன்ன குற்றச்சாட்டும் அவதூறாகலாம் என்கிறது. அங்கே தரப்பட்ட உதாரணமே, "அவர் நேர்மையானவர், அந்தக் கடிகாரத்தைத் திருடவே இல்லை" என்று, திருடினார் என நம்பவைக்கச் சொல்வதுதான். எழுதினவர் சிரித்தாரா என்பதை வைத்து மட்டும் இது தீர்மானமாகாது. பேர் கெடும் என்று அவருக்குத் தெரிந்திருந்ததா, தெரிந்திருக்கக் காரணம் இருந்ததா என்றும் பார்ப்பார்கள். பால் ஊற்றுகிறவர்களே நிறைந்த குரூப், முந்தின வாரம் நடந்த கணக்குத் தகராறு, ஆட்சேபித்த பிறகும் அழிக்காமல் விட்டது: இவையெல்லாம் தமாஷ் என்ற வாதத்தைப் பலவீனமாக்கும். யாருமே நிஜமென்று எடுத்துக்கொள்ள முடியாத மிகையாக இருந்தால் அந்த வாதத்துக்குப் பலம் உண்டு.

உண்மையிலேயே கலப்படம் என்று சந்தேகமா? அதிகாரம் உள்ள அதிகாரியிடம் நல்லெண்ணத்தோடு புகார் கொடுங்கள். அதற்குச் சட்டம் விலக்கு தருகிறது. குரூப்பில் போடுவதற்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. அங்கே, சொன்னது உண்மை, பொதுநன்மைக்காகச் சொன்னது என்று இரண்டையும் நீங்கள் காட்ட வேண்டிவரும்.

செயலாளருக்கு மட்டும் தனியாக அனுப்பினால் மூன்றாம் ஆள் படிக்காததால் அவதூறு ஆகாது. ஆனால் வேண்டாம் என்ற பிறகும் ராத்திரி ராத்திரியாக, வேறு வேறு நம்பரிலிருந்து அனுப்பினால் அது தொல்லை. கேரளப் பக்கம் கேரள போலீஸ் சட்டம் 120(ஓ) இதற்கென்றே இருக்கிறது: ஓராண்டு வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

அவதூறுக்கு ஸ்டேஷனில் எஃப்.ஐ.ஆர். கேட்டு அலைய வேண்டாம். பாதிக்கப்பட்டவரே மாஜிஸ்ட்ரேட்டிடம் தனிப் புகார் கொடுக்க வேண்டும், மூன்று ஆண்டுக்குள். நஷ்டஈடு கேட்கும் சிவில் வழக்குக்கு ஓராண்டுதான். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது; மெசேஜ் வந்த போனை அப்படியே வைத்திருங்கள், மின்னணுச் சாட்சியத்துக்கு புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியம் 63ஆம் பிரிவின் சான்றிதழ் தேவைப்படும். அதைவிட முக்கியம், குரூப்பில் படித்து "இது செயலாளரைத்தான் சொல்கிறது, தண்ணி கலக்கிறார் என்றுதான் புரிந்துகொண்டேன்" என்று கோர்ட்டில் வந்து சொல்லத் தயாரான ஓர் ஆள். பல புகார்கள் அந்த ஆள் கிடைக்காமல்தான் நின்றுபோகின்றன.