விமானப்படை விமானிக்குத் தனி லைசென்ஸ் வேண்டாமா?

"விமானப்படையில் 20 வருஷம் ஓட்டினவருக்கு ரிட்டயர் ஆனதும் பயணிகள் விமான வேலை நேராகக் கிடைக்கும், லைசென்ஸ் எல்லாம் வேண்டாம்."

தவறு. சிவில் லைசென்ஸ் கட்டாயம். தேர்வும் மருத்துவப் பரிசோதனையும் உண்டு. படையில் பறந்த மணிகளை எவ்வளவு ஏற்பது என்பதை அந்தந்த நாட்டு விமானத்துறைதான் முடிவு செய்யும்.

கேப்டனாவதற்கான லைசென்ஸுக்குச் சர்வதேச விதிப்படி குறைந்தது 1500 மணி, அதில் இரவுப் பறத்தல் 100 மணி வேண்டும். போர் விமானிகள் பலர் சிக்குவது இங்கேதான். உதாரணமாக, மொத்தம் 1800 மணி பறந்தவரிடம் இரவுக் கணக்கு 60 தான் என்றால், மீதி 40 மணியைப் பறந்தே சேர்க்க வேண்டும்.

அதனால் பறத்தல் பதிவேட்டில் இரவு மணியைத் தனியாகக் கூட்டி, பணியில் இருக்கும்போதே சான்றொப்பம் வாங்கிவிடுங்கள். விலகிய பிறகு அலைச்சல் அதிகம். அப்புறம், ஓட்டப்போகும் விமான வகைக்கான பயிற்சி தனி.