பக்கத்துப் பல்லைப் புரட்டி ஒட்டினால் போதுமா?

"இந்த போட்டோவுல உடைஞ்ச முன்பல்லைச் சரி பண்ணணும், அவ்வளவுதானே? Photoshop-ல பக்கத்துப் பல்லை காப்பி பண்ணி Flip Horizontal குடுத்து மேல ஒட்டுங்க, முடிஞ்சது."

பாதி சரி, சகோ. வடிவத்துக்கு அந்தப் பல்தான் நல்ல மூலம். ஆனால் புரட்டும்போது வெளிச்சமும் சேர்ந்து புரளும். இந்தப் படத்தில் ஜன்னல் இடப்பக்கம். பற்களின் மினுக்கம் இடது ஓரத்தில் விழுகிறது. ஒட்டிய பல்லில் மட்டும் வலது ஓரத்துக்குப் போய்விடும். பார்ப்பவருக்குக் காரணம் புரியாது, கட்டின பல் என்று மட்டும் தோன்றும்.

முழுப் பல்லையும் மாற்றவே வேண்டாம். லாஸோவால் சுற்றி Ctrl+J, புரட்டி, Warp-இல் உடைந்த பல்லின் அளவுக்கு இழுங்கள். முகம் திரும்பியிருப்பதால் தூரத்துப் பல் குறுகலாகத்தான் இருக்கும், அகலத்தைச் சமமாக்காதீர்கள். பிறகு Alt அழுத்தியபடி மாஸ்க் போட்டால் லேயர் மறைந்துவிடும். சின்ன பிரஷ்ஷில் வெள்ளை தடவி உடைந்த மூலையை மட்டும் வெளியே கொண்டுவாருங்கள். பல்லின் நுனி லேசாகச் சாம்பல் படிந்து, ஒளி ஊடுருவுவது போல இருக்கும். அதையும், இரு பற்களுக்கு நடுவிலுள்ள கருங்கோட்டையும் அழித்தால் வெள்ளைப் பட்டைதான் மிஞ்சும்.

தன் தங்கையின் பல் இடைவெளி பற்றிக் கேட்ட அக்காவுக்கு: அது வேறு வேலை. Liquify-இல் இரண்டு பல்லையும் இழுத்து மூடினால் இரண்டும் அகலமாகி முயல்பல் ஆகிவிடும். பாதி குறைத்து நிறுத்துங்கள், அதுவும் தங்கையிடம் கேட்டுவிட்டு. கோணலான கீழ்ப்பற்களைத் தொடலாமா என்பதில் ஆளுக்கொரு கருத்து உண்டு, நான் விட்டுவிடுவேன்.