எந்தத் தேதி வரைக்கும் தேடினார்கள்?

2021 ஏப்ரல். எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் மணிக்கொரு தரம் ‘பிளாஸ்மா அவசரம்’ என்று செய்தி. கொரோனாவிலிருந்து தேறியவர்களின் ரத்தத்திலிருந்து எடுத்து நோயாளிக்கு ஏற்றுவது. வேண்டுமா என்று நான் இழுத்ததும் அத்தை மகன் ஒரு லிங்க்கைப் போட்டான்: “பாருங்கண்ணா, காக்ரேனே ஆய்வு பண்ணியிருக்கு.”

காக்ரேன் என்பது மருத்துவ ஆய்வுகளைத் தேடித் தொகுத்து எடைபோடும் அமைப்பு. திறந்தால், 2020 மே மாதம் வந்த ரேபிட் ரிவ்யூ, அதாவது அவசரத்துக்காக வேகமாகச் செய்த தொகுப்பு. ஏப்ரல் 23 வரை வந்த ஆய்வுகளைத் தேடியிருந்தார்கள். கிடைத்தவை எட்டு, எல்லாம் சேர்த்து 32 நோயாளிகள். பிளாஸ்மா ஏற்றாதவர்களோடு ஒப்பிட்ட ஆய்வு ஒன்றுகூட இல்லை. பலன் உண்டா என்று சொல்ல முடியாது என்றுதான் எழுதியிருந்தார்கள். அதை யார் படித்தார்கள்!

அந்த ரிவ்யூ அதே வருஷம் ஜூலையில் லிவிங் ரிவ்யூவாக மாறியது, அதாவது புது ஆய்வு வர வர மறுபடி தேடிச் சேர்த்துக்கொண்டே போவது. இந்தத் தடவை 5,443 பேர். மலைத்துவிடாதீர்கள், அதில் 5,211 பேர் பிளாஸ்மா ஏற்றிக்கொண்டவர்கள், ஒப்பிடத்தான் ஆள் குறைவு. ஆட்களைக் குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த சோதனை ஒன்றே ஒன்று. 2021 மே பதிப்பில் அது பன்னிரண்டானது. மிதமான, தீவிரமான கொரோனாவில் பிளாஸ்மா இறப்பைக் குறைக்கவில்லை என்று உறுதியாகவே சொன்னது. அதே ரிவ்யூ, ஒரே வருஷம்!

அதனால் லிவிங் என்ற பெயரைப் பார்த்து ஏமாறாமல், கடைசியாக எந்தத் தேதி வரை தேடினார்கள் என்று பாருங்கள். வெளியான தேதி வேறு. ஜூலை பதிப்பின் தேடல் ஜூன் 4-லேயே நின்றுவிட்டது. அப்புறம், போன பதிப்பிலிருந்து என்ன மாறியது, முடிவு மாறியதா என்று ஒரு பகுதி இருக்கும், அதையும் பாருங்கள். கிடைத்தும் இன்னும் சேர்க்காத ஆய்வு இருந்தால் அதையும் சொல்லியிருக்க வேண்டும். சிலதில் புதுப்பிப்பதை நிறுத்தியிருப்பார்கள், பெயர்ப்பலகை மட்டும் அப்படியே தொங்கும்.

ரேபிட் என்றால் வேறு கவலை. வேகத்துக்காக எதையாவது விட்டுத்தான் ஆக வேண்டும், அதைத் தப்பென்று சொல்ல மாட்டேன். ஆங்கிலக் கட்டுரைகள் மட்டும், ஓரிரு தரவுத்தளம் மட்டும் என்பதெல்லாம் பல கேள்விகளுக்குப் பெரிதாகக் கெடுக்காது. எனக்கு உறுத்துவது, ஆய்வுச் சுருக்கங்களை ஒரே ஆள் படித்துக் கழித்துக்கட்டுவது. இதைச் சோதித்துப் பார்த்த ஒரு ஆய்வில், ஒருவரே பார்த்தபோது சேர்க்க வேண்டியவற்றில் சுமார் 13 சதவீதம் தவறிப்போனது, இருவர் பார்த்தபோது 3 சதவீதம். அதனால்தான் ஒருவர் கழித்ததை இன்னொருவர் திரும்பப் பார்க்கச் சொன்னது 2020-இல் வந்த காக்ரேன் வழிகாட்டி. அப்படிச் செய்தார்களா என்று முறைகள் பகுதியில் ஒரு வரி இருக்கும். இல்லையென்றால் செய்யவில்லை என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

அத்தை மகனுக்கு மே பதிப்பை அனுப்பினேன். “அதே லிங்க்தானே அண்ணா?” என்றான்.