துண்டு இல்லாமல் கொடுக்க மாட்டேன்

சனிக்கிழமை இரவு வெள்ளவத்தை பாமசியில் நடந்த வீடியோவை ஆளாளுக்குப் பகிர்ந்துவிட்டீர்கள். அழுத தகப்பனுக்கு டொக்டரின் துண்டு இல்லாமல் மருந்து கொடுக்காத கல்நெஞ்சன் என்று நீங்கள் திட்டுகிற ஆள் நான்தான்.

அவர் கேட்டது அமொக்சிசிலின் சிரப். ஐந்து வயது மகளுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். போன வருசம் தொண்டை நோவுக்கு எழுதிக் கொடுத்த வெறும் போத்தலைக் காட்டி, "இதுதான் தம்பி, அப்ப உடனே சுகமாச்சு" என்றார். இருமல் இருக்கா என்று கேட்டேன், இல்லை. சளியும் இல்லை. முகம் சிவந்திருக்கு, கால் நோகுது என்று அழுகிறாள் என்றார். மழைக்காலக் கொழும்பில் இதைக் கேட்டால் எனக்கு முதலில் டெங்குதான் நினைவுக்கு வரும். டெங்கு வைரஸ். அமொக்சிசிலின் பக்டீரியாவுக்கான மருந்து, அது இதைத் தொடாது.

தொடாது என்பதோடு முடிந்தால் பரவாயில்லை. டெங்குக் காய்ச்சல் சில நாளில் தானாகவே இறங்கும். ரத்தக் குழாயிலிருந்து நீர் கசியத் தொடங்குவதும் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். மருந்து கொடுத்த தகப்பன் என்ன நினைப்பார்? மருந்து கேட்டுவிட்டது என்றுதானே! அப்புறம் வாந்தியும் வயிற்று நோவும் டெங்குவின் ஆபத்து அறிகுறிகள். அமொக்சிசிலினாலும் அவை வரலாம். எதனால் வந்தது என்று வீட்டில் யார் பிரித்துச் சொல்வது?

இது எனக்குப் புத்தகத்தில் வந்த அறிவில்லை. 2017இல் ஊரெல்லாம் டெங்கு. அக்காவின் மகனுக்கு இதே சிரப்பை நானே எடுத்துக் கொடுத்தேன். நான்காம் நாள் காய்ச்சல் விட்டது, சந்தோசப்பட்டோம். பின்னேரம் அவன் கை கால் சில்லிட்டுப்போய் எழும்ப முடியாமல் கிடந்தான். பிழைத்துவிட்டான். ஆனால் அந்தக் குளிர்ந்த கை இன்னும் என் கையில் இருக்கிறது.

"பக்கத்துக் கடையில் கொடுக்கிறான்களே" என்கிறீர்கள். கொடுக்கட்டும், அதுவும் சட்டப்படி பிழைதான். "டொக்டரிடம் போகக் காசு வேண்டாமா" என்கிறீர்கள். இது நியாயமான கேள்வி, அதில் எனக்கும் கோபம் உண்டு. அதனால்தான் பொரளை சிறுவர் வைத்தியசாலைக்குப் போங்கள், காசு இல்லை என்று அவரிடம் இரண்டு தரம் சொன்னேன். "வியாபாரி" என்று எழுதியவருக்கு ஒன்று சொல்கிறேன்: விற்றிருந்தால்தான் எனக்கு லாபம்.

சும்மா அனுப்பவில்லை. பிள்ளை 16 கிலோ என்றார். கிலோவுக்கு 15 மில்லிகிராம் கணக்கில், 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ள பரசிற்றமோல் சிரப் ஒரு தடவைக்கு 10 மில்லி, ஆறு மணித்தியாலத்துக்கு முன் மறுபடி கொடுக்கக் கூடாது என்று போத்தலில் எழுதிக் கொடுத்தேன். இபுப்ரோஃபென் வேண்டவே வேண்டாம், டெங்கு என்றால் ரத்தக்கசிவு வரலாம் என்றேன். விடிந்தால் மூன்றாம் நாள், ரத்தப் பரிசோதனை எடுங்கள் என்றேன். இதெல்லாம் அந்த வீடியோவில் இல்லை. துண்டு இல்லாமல் கொடுக்க மாட்டேன் என்ற ஒரு வரி மட்டும் இருக்கிறது.

என்னைத் திட்டுங்கள், சரி. அவரைத் தெரிந்தவர்கள் இதைப் படித்தால் ஒன்று மட்டும் சொல்லுங்கள். அந்தப் பிள்ளைக்கு ரத்தம் எடுத்தார்களா?